வரலாற்று அத்தியாயத்த அட்டவணையாக்கினா ‘காரணம்’ நிரலும் ‘விளைவு’ நிரலும் ஒரே மாதிரியே வருது, என்ன செய்ய?

உப்புவெளி அம்மா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மகள் தரம் 11. ஒல்லாந்தர் போய் பிரித்தானியர் வந்த அத்தியாயத்த அட்டவணையா எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்காங்க. நாலு நிரல்: திகதி, சம்பவம், காரணம், விளைவு. நேத்து ராத்திரி ரெண்டு பேரும் இருந்து எழுதினம். எழுதி முடிச்சுப் பார்த்தா, முதல் நிரையில விளைவு எண்டு எழுதினது அப்பிடியே ரெண்டாவது நிரையில சம்பவமா இருக்கு. ரெண்டாவதுல சம்பவம் எண்டு எழுதினது மூண்டாவதுல காரணமா இருக்கு. ஒரே வசனத்த மூண்டு தரம் எழுதின மாதிரி. மகள் "அம்மா இது என்ன, படிக்கட்டா?" எண்டு கேக்கிறா.

அவவின்ட கொப்பியில இருக்கிற சுருக்கத்த அப்பிடியே போடுறன்:

"பிரித்தானியர் 1782 இல் திருகோணமலையைக் கைப்பற்றி அதே ஆண்டில் பிரெஞ்சுக்காரரிடம் இழந்தனர், பின்னர் அது ஒல்லாந்தரிடம் மீண்டது. 1795 இல் பிரெஞ்சுப் படை நெதர்லாந்தைக் கைப்பற்றியதைத் தொடர்ந்து ஒல்லாந்து அதிபர் இங்கிலாந்துக்குத் தப்பியோடி, கியூ மாளிகையிலிருந்து ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார். கடிதத்துடன் வந்த பிரித்தானியப் படை திருகோணமலையைக் கைப்பற்றி, யாழ்ப்பாணத்தையும் பிடித்து, 1796 இல் கொழும்பைத் தன்வசமாக்கியது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கப்பல்கள் ஒதுங்க இந்தியாவின் கிழக்குக் கரையில் துறைமுகம் இல்லாதது பிரித்தானியருக்கு நெடுநாட் குறையாக இருந்தது."

இதுல நாலு வசனம். நாங்க நாலு நிரை போட்டம். கடைசி வசனத்துக்குத் திகதியே இல்ல, அந்தக் கட்டத்த வெறுமையா விட்டிருக்கு. எங்க பிழை?

---

நிலாவெளித் தம்பி எழுதியது:

அக்கா, கொப்பியில அடிமட்டம் வைச்சுக் கோடு போட்டுக் கஷ்டப்படாதீங்க. எக்செல்ல போடுங்க. திகதிய ஒரு நிரல்ல அடிச்சா, ஒரு தட்டுத் தட்ட தன்பாட்டுல வரிசையா வந்துரும். வரிசை சரியா வந்தா காரணமும் விளைவும் தானா விளங்கும், முன்னால இருக்கிறது காரணம், பின்னால இருக்கிறது விளைவு. அவ்வளவுதான்.

---

கோட்டைவாசல் எழுதியது:

நான் ஓட்டோ ஓடுறன், வெள்ளைக்காரர் வந்தா கோணேசர் கோவிலுக்கும் கோட்டைக்கும் கூட்டிப் போறது. மான் எல்லாம் வாசல்லயே நிக்கும், அதப் படம் எடுத்து முடிய "இந்தக் கோட்டைய யார் யார் வைச்சிருந்தாங்க" எண்டு கேப்பாங்க. தங்கச்சி கேட்டதுக்குப் பதில்: போர்த்துக்கேயர், 1639 இல ஒல்லாந்தர், 1782 ஜனவரியில இங்கிலிஸ்காரர், அதே வருசம் ஓகஸ்ட்ல பிரெஞ்சு, பிறகு திரும்ப ஒல்லாந்தர், 1795 ஓகஸ்ட் 26 இல பிரெடரிக் கோட்டை திரும்ப இங்கிலிஸ்காரர்ட கைக்கு. இத எழுதினா முழு மார்க்ஸ் கிடைக்கும்.

---

ஓய்வு வாத்தியார் எழுதியது:

கோட்டைவாசல் தம்பி சொன்ன திகதிகள் சரி. ஆனால் அந்த அம்மா யார் ஆண்டார்கள் என்று கேட்கவில்லை. காரணமும் விளைவும் ஏன் ஒன்றாகவே வருகின்றன என்றுதான் கேட்கிறார். (1795 இல் அதற்குப் பிரெடரிக் கோட்டை என்று பெயரும் இல்லை. அந்தப் பெயர் 1803 இல் வைத்தது. அட்டவணையில் 1795 நிரையில் "திருகோணமலைக் கோட்டை" என்றே எழுதச் சொல்லுங்கள்.)

அம்மா, உங்கள் பிழை முதல் அடியிலேயே இருக்கிறது. நீங்கள் வசனத்தை எண்ணியிருக்கிறீர்கள். எண்ண வேண்டியது வினையை. தமிழில் ஒரு வசனத்துக்குள் "கைப்பற்றி", "பிடித்து", "தப்பியோடி" என்று வினையெச்சங்களைக் கோர்த்து மூன்று நான்கு காரியங்களைச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரேயொரு முற்றோடு முடித்துவிடலாம். படிக்கிற பிள்ளைக்கு முற்றுப்புள்ளி மட்டும் கண்ணில் படும். அதனால் ஏழு மாதம் நடந்த சண்டை ஒரே நிரைக்குள் அடைபட்டுப் போகும்.

பென்சிலை எடுத்து மகளிடம் கொடுங்கள். ஒவ்வொரு செயலின் கீழும் கோடு போடச் சொல்லுங்கள். முதல் வசனத்தில் கைப்பற்றி, இழந்தனர், மீண்டது: மூன்று. இரண்டாவதில் கைப்பற்றியதை, தப்பியோடி, எழுதினார்: மூன்று. மூன்றாவதில் வந்த, கைப்பற்றி, பிடித்து, தன்வசமாக்கியது: நான்கு. "வந்த" என்பது பெயரெச்சமாகப் படைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருப்பதால் பிள்ளைகள் அதை விட்டுவிடுவார்கள். ஆனால் கப்பல்கள் வந்து சேர்ந்தது ஓகஸ்ட் 1, கோட்டை விழுந்தது ஓகஸ்ட் 26. நடுவில் 25 நாள் இருக்கிறது. அந்த 25 நாளில்தான் முழுக் கதையும்.

ஆக நான்கு வசனத்தில் பத்துச் சம்பவம். கடைசி வசனத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அது வேறு வகை.

நிலாவெளித் தம்பி, "முன்னால் இருப்பது காரணம்" என்பதை நான் ஒப்பமாட்டேன். 1795 செப்டெம்பர் 28 யாழ்ப்பாணம் விழுந்தது. அதற்கு முன் நிரையில் திருகோணமலை இருக்கிறது. திருகோணமலை விழுந்ததால்தான் யாழ்ப்பாணம் விழுந்ததா? அது ஒரே படையெடுப்பின் அடுத்த படி. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். புத்தகம் "அதைத் தொடர்ந்து", "இதனையடுத்து" என்று எழுதினால் அது வெறும் வரிசை. "அதனால்", "இதன் விளைவாக" என்று எழுதினால்தான் காரணம். இந்தச் சொற்களுக்கு வேறு நிறத்தில் வட்டம் போடச் சொல்லுங்கள்.

---

நிலாவெளித் தம்பி எழுதியது:

சேர், ஏத்துக்கிறன். வரிசை மட்டும் போதாது. ஆனா வரிசைக்கு எக்செல் நல்லது எண்டதுல மாற்றமில்ல 😀

---

உப்புவெளி அம்மா எழுதியது:

நன்றி சேர். தம்பி சொன்னபடி எக்செல்லயும் போட்டுப் பார்த்தம். வரிசைப்படுத்தினா 1802, 1803 எல்லாம் மேல வந்து 1795 கீழ நிக்குது. மகள் சிரிக்கிறா.

---

நிலாவெளித் தம்பி எழுதியது:

ஐயோ, மன்னிக்கணும் அக்கா. இப்ப நானும் செய்து பார்த்தன். எக்செல்லுக்கு 1900 க்கு முந்தின திகதி திகதியே இல்ல. 1795 ஓகஸ்ட் 26 எண்டு எப்பிடி அடிச்சாலும் அத வெறும் எழுத்தாத்தான் எடுக்குது. வெறும் 1803 எண்டு அடிச்சா அத எண்ணா எடுக்குது. வரிசைப்படுத்தேக்க எண் எல்லாத்தையும் முதல்ல வைச்சிட்டு எழுத்தெல்லாம் பின்னாலதான். அதான் தலைகீழா வந்திருக்கு.

வழி இருக்கு. இடப்பக்கம் ஒரு நிரல் கூட்டுங்க. வருசம், மாதம், நாள் மூண்டையும் ஒட்டி எட்டு இலக்க எண்ணா அடிங்க:

```
17950118
17950207
17950801
17950826
18030000
```

நாள் தெரியாட்டி 00, மாதமும் தெரியாட்டி 0000. எல்லாம் எண் எண்டதால இந்த நிரல வைச்சு வரிசைப்படுத்தினா சரியா வரும். பக்கத்து நிரல்ல "1795 ஓகஸ்ட் 26" எண்டு வாசிக்கிற மாதிரி எழுதுங்க. அச்செடுக்கேக்க எண் நிரல மறைச்சு விடலாம்.

---

ஓய்வு வாத்தியார் எழுதியது:

இது நல்ல யோசனை, தம்பி. ஒரு எச்சரிக்கை மட்டும். 0000 போட்ட நிரை அந்த வருடத்தின் ஜனவரிக்கும் முன்னால் போய் நிற்கும். யாராவது "1795: பிரித்தானியர் திருகோணமலையைப் பிடித்தனர்" என்று வருடம் மட்டும் போட்டு எழுதினால், கோட்டை விழுந்த பிறகுதான் அதிபர் தப்பியோடினார் என்று அட்டவணை சொல்லும். அதனால் ஒரே வருடத்துக்குள் இரண்டு மூன்று சம்பவம் நெருங்கி வந்தால், மாதத்தையாவது தேடி எடுக்க வேண்டும். எல்லா நிரைக்கும் நாள் தேவையில்லை. நெருக்கடி இருக்கிற இடத்தில்தான் தேவை.

---

மருதநிழல் எழுதியது:

நான் கலைப்பீடத்தில் வரலாறு செய்கிறேன். குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இந்த நான்கு நிரல் அட்டவணையே எனக்குப் பிடிக்காது. ஒரு சம்பவத்துக்கு ஒரு காரணம், ஒரு விளைவு என்று கட்டம் கட்டிக் கொடுத்தால் பிள்ளை அப்படித்தான் வரலாறு நடக்கும் என்று நம்பிவிடும். கொழும்பை எடுங்கள். 1796 பெப்ரவரியில் பெரிய சண்டையே இல்லாமல் விழுந்தது. ஏன்? கூலிக்கு நின்ற சுவிஸ் நாட்டு டி மெயுரோன் படை ஒல்லாந்தரை விட்டுப் பிரித்தானியர் பக்கம் போய்விட்டது. அதற்கான ஒப்பந்தம் 1795 மார்ச்சில் இன்றைய சுவிஸ் நாட்டிலுள்ள நியூஷாத்தல் நகரில் நடந்தது. ஹியூ கிளெக்கோர்ன் என்ற ஸ்கொட்லாந்துப் பேராசிரியர் போய்ப் பேசி முடித்தது. இது எந்தக் கட்டத்துக்குள் போகும்? அம்புக்குறி போட்டு வரைபடமாக வரைந்தால்தான் சரி.

---

ஓய்வு வாத்தியார் எழுதியது:

மருதநிழல், குறை நியாயமானது. ஆனால் பிள்ளையிடம் கேட்டது அட்டவணை. அட்டவணைக்குள்ளேயே உங்கள் அம்புக்குறியைப் போடலாம்.

நிரைகளுக்கு 1, 2, 3 என்று எண் கொடுங்கள். காரணம் நிரலில், அந்தக் காரணம் அட்டவணையில் ஏற்கனவே ஒரு சம்பவமாக இருந்தால் வசனத்தைத் திரும்ப எழுதாமல் அந்த எண்ணை மட்டும் எழுதுங்கள். அட்டவணையில் இல்லாத காரணத்தை மட்டும் சொல்லில் எழுதுங்கள். ஒரு கட்டத்துக்குள் இரண்டு மூன்று எண் வரலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. உங்கள் நியூஷாத்தல் ஒப்பந்தம் மார்ச் மாதத்து நிரையாக மேலே போய் உட்காரும். கொழும்பு நிரையின் காரணத்தில் அதன் எண் வரும். புத்தகத்தில் அது கொழும்பைப் பற்றிய பந்தியில் பின்னால் வந்தாலும் அட்டவணையில் திருகோணமலைக்கு முன்னால் வரவேண்டியதுதான்.

அம்மாவின் படிக்கட்டும் இத்தோடு ஒழியும். ஒரு வசனம் ஒரு தடவைதான்.

இதில் இன்னொரு இலாபம் உண்டு. எழுதி முடித்ததும் காரணம் நிரலில் உள்ள எண்களை மட்டும் மேலிருந்து கீழே பாருங்கள். எந்த எண்ணும் அதன் நிரை எண்ணைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். 6 ஆம் நிரையின் காரணத்தில் 9 என்று இருந்தால் எங்கோ பிழை. அநேகமாக அது காரணம் இல்லை, நோக்கம். "கொழும்பைப் பிடிப்பதற்காகத் திருகோணமலையைப் பிடித்தார்கள்" என்று எழுதினால் அப்படி வரும். "-பதற்காக" என்று வந்தால் நின்று யோசிக்கச் சொல்லுங்கள். நோக்கத்தை எழுதுவது தப்பில்லை. முன்பே இருந்த விருப்பமாகவோ பயமாகவோ மாற்றி எழுதினால் போதும்.

---

உப்புவெளி அம்மா எழுதியது:

சேர், கடவுளே, நாங்க சரியா அதத்தான் எழுதியிருக்கம்! "காரணம்: இலங்கை முழுவதையும் கைப்பற்றுவதற்காக" எண்டு.

இப்ப விளைவு நிரல்தான் பிரச்சினை. காரணத்துக்கு எண் போட்டாச்சு. விளைவுக்கும் எண் போட்டா ரெண்டும் ஒரே விசயந்தானே? 2 க்குக் காரணம் 1 எண்டா, 1 இன்ட விளைவு 2. அப்ப அந்த நிரலே தேவையில்லையே?

---

ஓய்வு வாத்தியார் எழுதியது:

நல்ல கேள்வி. நான் வகுப்பில் 20 வருடம் எடுத்தும் பிள்ளைகள் இதைக் கேட்டதில்லை.

விளைவு நிரலில் அடுத்த சம்பவத்தை எழுதக் கூடாது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நிலைமை எப்படி மாறிப் போனது என்று எழுத வேண்டும். 1782 ஐ எடுங்கள். ஜனவரி 11 இல் அட்மிரல் ஹியூஸ் ஒஸ்டன்பேர்க் கோட்டையைப் பிடித்ததோடு துறைமுகம் பிரித்தானியர் கையில். ஓகஸ்ட் கடைசியில் பிரெஞ்சு அட்மிரல் சஃப்ரன் வந்து பறித்துக்கொண்டார். செப்டெம்பர் 3 இல் ஹியூஸ் திரும்பி வந்து வெளிக்கடலில் சண்டை பிடித்தார், கோட்டை மீளவில்லை.

இப்போது "திருகோணமலை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது" என்ற நிரைக்கு விளைவு என்ன? "செப்டெம்பர் 3 கடற்சண்டை" என்று எல்லாரும் எழுதுவார்கள். அது தனிச் சம்பவம், தனி நிரை. விளைவு வேறு. ஒக்டோபரில் பருவக்காற்று தொடங்கியதும் சென்னைக் கரையில் ஒதுங்க இடமில்லாமல் ஹியூஸின் கப்பல்கள் இந்தியாவைச் சுற்றிப் பம்பாய் வரை போக வேண்டியதாயிற்று. மாதக்கணக்கில் வங்காள விரிகுடாப் பக்கம் அந்தக் கப்பற்படை இல்லை. இதுதான் நிலைமை மாறியது. 13 வருடம் கழித்து ஏன் இந்தத் துறைமுகத்துக்கு முதலில் வந்தார்கள் என்பதற்கும் இதில்தான் விடை இருக்கிறது.

உங்கள் கடைசி வசனத்துக்கு வருகிறேன். "துறைமுகம் இல்லாதது நெடுநாட் குறையாக இருந்தது." அதற்குத் திகதி இல்லை என்று கட்டத்தை வெறுமையாக விட்டீர்கள். அது சம்பவமே இல்லை, நிலைமை. "இருந்தது", "நிலவியது", "காணப்பட்டது" என்று முடிகிற வசனங்கள் அநேகமாக இப்படித்தான். அதை நிரையாகப் போடக் கூடாது. அட்டவணைக்கு மேலே நீளக் கோடு போட்டு, அதில் "நிலைமை அ" என்று எழுதுங்கள். காரணம் நிரலில் தேவையான இடத்தில் "அ" என்று மட்டும் எழுதுங்கள். 1782 ஜனவரிக்கும் அ, 1795 ஓகஸ்டுக்கும் அ.

---

கோட்டைவாசல் எழுதியது:

ஒஸ்டன்பேர்க் எண்டது நகரத்துக் கோட்டை இல்ல, துறைமுக வாயில் பக்கம் இருக்கிறது. ரெண்டும் வேற வேற. நானும் முதல்ல ஒண்டெண்டுதான் வெள்ளைக்காரருக்குச் சொல்லிக்கொண்டு இருந்தன், ஒருத்தர் திருத்தினார். 1795 இலயும் இது ரெண்டு நாள்: நகரத்துக் கோட்டை ஓகஸ்ட் 26, ஒஸ்டன்பேர்க் ஓகஸ்ட் 31. தங்கச்சி ரெண்டு நிரையாப் போடுங்க.

---

உப்புவெளி அம்மா எழுதியது:

நன்றி அண்ணா. அந்த 25 நாள்ல நடந்தது என்ன சேர்? கடிதம் கொண்டு வந்தவங்களுக்கு ஏன் சண்டை பிடிக்க வேண்டி வந்தது? கதவத் திறந்து விடச் சொல்லித்தானே கடிதம்?

---

ஓய்வு வாத்தியார் எழுதியது:

அங்கேதான் சுருக்கம் உங்களை ஏமாற்றுகிறது. "கடிதத்துடன் வந்த படை கைப்பற்றி" என்று வாசித்தால் கடிதத்தால் கோட்டை விழுந்த மாதிரி இருக்கும்.

ஒல்லாந்து அதிபர் ஐந்தாம் வில்லியம் 1795 ஜனவரி 18 இல் தப்பினார். பெப்ரவரி 7 இல் கியூவிலிருந்து கடிதம். கோட்டைகளைப் பிரித்தானியப் படையிடம் ஒப்படையுங்கள், பிரெஞ்சுக்காரர் கையில் விழாமல் அவர்கள் பாதுகாக்கட்டும் என்பது அதன் சாரம். பிரச்சினை என்னவென்றால், கடிதம் எழுதும்போது நெதர்லாந்தில் ஆட்சி அவர் கையில் இல்லை. அங்கே பத்தேவியக் குடியரசு வந்துவிட்டது. கொழும்பில் ஆளுநர் வான் ஆங்கல்பீக் யாருக்குக் கீழ்ப்படிவது? அவர் முதலில் கொஞ்சம் பிரித்தானியப் படையைத் திருகோணமலையில் உள்ளே விட உடன்பட்டு உத்தரவு அனுப்பினார். திருகோணமலைத் தளபதியோ அந்த உத்தரவு முறைப்படி இல்லை என்று சொல்லிக் கதவைத் திறக்கவில்லை. கேர்ணல் ஸ்டூவர்ட் படையைக் கரையிறக்கினார், பீரங்கிகளைக் கொண்டு வந்து நிறுத்தினார். ஓகஸ்ட் 23 இல் சுடத் தொடங்கி 26 இல் மதில் உடைபட்டது. கோட்டை சரணடைந்தது.

ஆகவே மூன்று வெவ்வேறு கேள்விக்கு மூன்று காரணம். படை ஏன் வந்தது: கடிதமும் நிலைமை அ வும். முற்றுகை ஏன்: தளபதி மறுத்தது. 26 ஆம் திகதி ஏன்: மதில் உடைந்தது. இவ்வளவையும் ஒரே நிரைக்குள் போட்டால் பிள்ளை எதைக் காரணம் என்று எழுதும்? கைக்கு வந்த ஒன்றை எழுதும். ஒரே நிரைக்கு மூன்று காரணம் வந்து நெருக்கினால், அந்தச் சம்பவத்தை இன்னும் உடைக்க வேண்டும் என்று அர்த்தம்.

---

மருதநிழல் எழுதியது:

சேர், கடிதத்தைக் காரணம் என்று போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது சாட்டு. பிரித்தானியருக்கு 1782 இலிருந்தே இந்தத் துறைமுகத்தில் கண். கடிதம் வராவிட்டாலும் வந்திருப்பார்கள். திரும்பிக் கொடுக்கிற எண்ணம் இருந்திருந்தால் 1802 இல் அமியன் ஒப்பந்தத்தில் இலங்கையை மட்டும் ஏன் தங்களிடம் வைத்துக்கொண்டார்கள்?

---

ஓய்வு வாத்தியார் எழுதியது:

1802 இல் நடந்ததைக் கொண்டு 1795 இன் எண்ணத்தைச் சொல்வது, பெரிய எண்ணைச் சின்ன நிரைக்குக் காரணமாகப் போடுகிற அதே வேலைதான். இலங்கையை மட்டும் என்பதும் சரியில்லை, திரினிடாட்டையும் வைத்துக்கொண்டார்கள், அது ஸ்பெயினுடையது. ஆனால் நீங்கள் சொல்கிற சந்தேகம் பழையது, பலரும் எழுப்பியது. நான் வகுப்பில் கடிதத்தைக் காரணம் என்றுதான் போடுவேன். கடிதம் இல்லாவிட்டால் ஆளுநர் அந்த உத்தரவை அனுப்பியிருக்கமாட்டார், கதை வேறு மாதிரிப் போயிருக்கும்.

---

மருதநிழல் எழுதியது:

உத்தரவு அனுப்பியும் கதவு திறக்கவில்லையே சேர். கடிதம் இல்லாமலும் முற்றுகைதான், இருந்தும் முற்றுகைதான்.

---

ஓய்வு வாத்தியார் எழுதியது:

அது திருகோணமலைக்குச் சரி. கொழும்புக்கு அப்படிச் சொல்ல முடியாது. விடுங்கள், அம்மாவின் பிள்ளைக்கு நாளைக்குக் கொப்பி கொடுக்க வேண்டும்.

---

உப்புவெளி அம்மா எழுதியது:

ஒரு மாதிரி எழுதி முடிச்சம். 1795–96 பகுதி மட்டும் போடுறன். மேல "நிலைமை அ: பருவக்காற்றுக் காலத்தில் ஒதுங்கப் பிரித்தானியருக்கு இந்தியாவின் கிழக்குக் கரையில் துறைமுகம் இல்லை" எண்டு எழுதியிருக்கு.

| எண் | திகதி | சம்பவம் | காரணம் | விளைவு |
|---|---|---|---|---|
| 1 | 1794 இறுதி – 1795 ஜனவரி | பிரெஞ்சுப் படை நெதர்லாந்தைப் பிடித்தது | 1793 இலிருந்து இரு நாட்டுக்கும் போர் | பழைய ஆட்சி கவிழ்ந்து பத்தேவியக் குடியரசு வந்தது |
| 2 | 1795 ஜனவரி 18 | ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்குத் தப்பினார் | 1 | அதிபர் ஒரு பக்கம், நாடு மறுபக்கம் |
| 3 | 1795 பெப்ரவரி 7 | கியூ கடிதம் | 2. குடியேற்றங்கள் பிரான்சிடம் விழும் என்ற பயம் | யாருக்குக் கீழ்ப்படிவது என்று ஆளுநர்கள் தடுமாறினர் |
| 4 | 1795 மார்ச் | டி மெயுரோன் படை பற்றி நியூஷாத்தலில் ஒப்பந்தம் | ஒல்லாந்தர் காவலைப் பலவீனப்படுத்தும் விருப்பம் | கொழும்பின் காவல் குறைந்தது |
| 5 | 1795 ஓகஸ்ட் 1 | சென்னையிலிருந்து படை திருகோணமலை வந்தது | 3, அ | |
| 6 | 1795 ஓகஸ்ட் | தளபதி கதவைத் திறக்க மறுத்தார் | உத்தரவு முறைப்படி இல்லை என்றார் | ஒப்படைப்பு முற்றுகையாக மாறியது |
| 7 | 1795 ஓகஸ்ட் 26 | கோட்டை சரண் | 6. மதில் உடைந்தது | |
| 8 | 1795 ஓகஸ்ட் 31 | ஒஸ்டன்பேர்க் சரண் | 7 | துறைமுகம் பிரித்தானியர் கையில் |
| 9 | 1795 செப்டெம்பர் 28 | யாழ்ப்பாணம் சரண் | 5 | |
| 10 | 1796 பெப்ரவரி 15 | கொழும்பு சரண் | 3, 4 | ஒல்லாந்தர் ஆட்சி முடிந்தது |

விளைவு மூண்டு கட்டம் வெறுமை. மகள் "ஒண்டும் மாறேல்ல எண்டா ஏன் எழுதணும்" எண்டு சொல்றா.

---

ஓய்வு வாத்தியார் எழுதியது:

மகள் சொல்வது சரி. வெறும் கட்டத்தை நிரப்ப வேண்டும் என்று பொய் எழுதக் கூடாது. கட்டம் வெறுமையாக இருந்தால் ஆசிரியர் பிடிப்பார் என்று பயந்தால் சிறு கோடு ஒன்று போடுங்கள், மறந்து விடவில்லை என்று தெரியும். 9 இன் காரணத்தில் 7 போடாமல் 5 போட்டது நல்லது, கவனித்தேன்.

10 இல் ஒரு விசயம். சில புத்தகத்தில் 15, சிலதில் 16 என்று இருக்கும். 15 இல் சரணடைவுக்குக் கையெழுத்து, 16 இல் பிரித்தானியர் உள்ளே வந்தது. இரண்டும் பிழையில்லை, வெவ்வேறு சம்பவம். "சரண்" என்று எழுதினால் 15 தான்.

---

மருதநிழல் எழுதியது:

5 இன் காரணத்தில் 3 ஐ முதலில் போட்டு அ வைப் பின்னால் போட்டிருக்கிறீர்கள் அக்கா. நான் என்றால் மாற்றிப் போடுவேன் 🙂

---

நிலாவெளித் தம்பி எழுதியது:

அக்கா, எண்ண கையால அடிக்கேக்க ஒண்டு கவனிங்க. பிறகு நடுவில ஒரு நிரை புகுத்தினா கீழ உள்ள எண் எல்லாம் ஒண்டு கூடும், காரணத்துல எழுதின எண் பழசாவே நிக்கும். ஒஸ்டன்பேர்க்க பிறகு சேர்த்திருந்தா 9 க்கு எழுதின 5 சரியாவே இருக்கும், ஆனா 10 க்கு மேல இன்னும் எழுதினீங்கண்டா பிழைக்கும். எழுதி முடிஞ்ச பிறகுதான் எண் போடணும். இல்லாட்டி அந்த எட்டு இலக்க எண்ணையே பாவிங்க, அது எப்பவும் மாறாது.

---

உப்புவெளி அம்மா எழுதியது:

ஐயோ தம்பி, இப்பதான் 1782 பகுதிய மேல ஒட்டப்போறம். எல்லாம் ஏழு கூடுமே! றப்பர் எங்க எண்டு தேடுறா மகள்.